கொடுத்தவன் பட்டை நீளலாமா? விகிதக் கணக்குக்குப் பார் மாடல்: கேள்வி பதில்

தொடக்கநிலை 5 மாணவியின் அம்மா: டீச்சர், கவினுக்கும் மாலாவுக்கும் ஸ்டிக்கர் 3:1. கவின் மாலாவுக்கு 14 கொடுத்ததும் 5:3. மாலா 1 யூனிட்டிலிருந்து 3 ஆகிவிட்டாள், அதனால் 2 யூனிட் 14, ஒரு யூனிட் 7 என்கிறாள் என் மகள். விடை தப்பு. ஏன் என்று எனக்கே விளங்கவில்லை.

பார் மாடலில் ஒவ்வொருவர் பங்கையும் ஒரு பட்டையாக வரைந்து சம கட்டங்களாகப் பிரிக்கிறோம், ஒரு கட்டம்தான் ஒரு யூனிட். கவினைப் பாருங்கம்மா. 14 ஸ்டிக்கரைக் கொடுத்தவன் பட்டை 3 கட்டத்திலிருந்து 5 கட்டமாக நீண்டிருக்கிறது. முன்பு வரைந்த கட்டமும் பின்பு வரைந்த கட்டமும் ஒரே அளவல்ல என்பதற்கு அதுவே அடையாளம். அளவு வேறான கட்டங்களை ஒன்றிலிருந்து ஒன்று கழித்துவிட்டாள்.

ஸ்டிக்கர் கைமாறியதே தவிர மொத்தம் மாறவில்லை. முன்பு மொத்தம் 4 கட்டம், பின்பு 8. எனவே முன்பு வரைந்த ஒவ்வொரு கட்டத்தையும் நடுவில் கோடு போட்டு இரண்டாக்கச் சொல்லுங்கள். 3:1 என்பது 6:2 ஆகும்.

```
முன்பு
கவின்  [ ][ ][ ][ ][ ][ ]
மாலா   [ ][ ]

பின்பு
கவின்  [ ][ ][ ][ ][ ]
மாலா   [ ][ ][ ]
```

இப்போது ஒரே ஒரு கட்டம்தான் இடம் மாறியிருக்கிறது. அதுதான் 14. கவினிடம் முதலில் 84, மாலாவிடம் 28. சரிபார்க்க: 70-க்கு 42 என்பது 5:3.

டியூஷன் ஆசிரியர்: நானும் மொத்தத்தைச் சமமாக்கு என்றுதான் எல்லாக் கணக்குக்கும் சொல்லிக் கொடுக்கிறேன். வயதுக் கணக்கில் மட்டும் உதைக்கிறது.

உங்கள் வழி இருவருக்குள் கைமாறும் கணக்குக்கு மட்டும் பொருந்தும் சார். அம்மாவுக்கும் மகனுக்கும் வயது 7:2, 12 ஆண்டு கழித்து 2:1 என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தத்தை 9 ஆக்கினால் 2:1 என்பது 6:3 ஆகும். அம்மா 7-லிருந்து 6-க்கு இறங்கிவிடுவார், இளமை திரும்பியதுபோல!

வயதில் மாறாதது வித்தியாசம். முன்பு 5 கட்டம், பின்பு 1 கட்டம். இரண்டாவதை ஐந்தால் பெருக்கினால் 10:5. இருவரும் 3 கட்டம் கூடியிருக்கிறார்கள், அது 12. ஒரு கட்டம் 4, அம்மாவுக்கு 28, மகனுக்கு 8. ஒருவர் மட்டும் செலவழிக்கும் கணக்கில், தொடாதவரின் பட்டையைச் சமமாக்க வேண்டும். பென்சிலை எடுக்கும் முன் 'எது மாறவில்லை?' என்று பிள்ளை ஒரு வரி எழுதட்டும்.

ஓர் அப்பா: என் பையன் 3:1 என்றால் மூன்று ஸ்டிக்கர், ஒரு ஸ்டிக்கர் என்றே எண்ணுகிறான். மூன்று வைத்திருப்பவன் 14 எப்படிக் கொடுப்பான் என்கிறான். 84 கட்டமும் வரைந்து காட்டட்டுமா?

வேண்டாம், 84 வரைந்தால் அவன் நினைப்பு இன்னும் உறுதியாகிவிடும். ஒரே 3:1 படத்தை வைத்து மொத்தம் 4, பிறகு 40, பிறகு 400 என்று மாற்றிக் கேளுங்கள். படத்தைத் தொடாமல் கட்டத்துக்குள் எண்ணை மட்டும் மாற்றட்டும்: 1, 10, 100. கட்டத்தில் எத்தனை இருக்கிறது என்பதுதான் தேட வேண்டியது என்று பிடிபட்டுவிடும்.

கட்டம் போட்ட நோட்டில் ஒரு யூனிட்டுக்கு 6 சதுரம் விடுங்கள். இரண்டாகவும் மூன்றாகவும் வெட்ட வசதி. இரு பட்டைகளின் இடப்பக்க ஓரமும் ஒரே கோட்டில் இருக்கட்டும். ஓரம் தள்ளிப்போனால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது.

தொடக்கநிலை 6 மாணவன்: 3:2 பணம். அக்கா $36 செலவழித்தாள், தம்பி $8. பிறகு 3:4. மொத்தமும் மாறுது, வித்தியாசமும் மாறுது. என்ன செய்ய?

கடைசியில் 3:4 என்பதால், அக்காவின் மிச்சம் நான்கு மடங்கும் தம்பியின் மிச்சம் மூன்று மடங்கும் சமம். அக்காவின் பட்டையை நான்கு முறை வரைந்தால் 12 யூனிட், அதில் $144 குறைவு. தம்பியின் பட்டை மூன்று முறை 6 யூனிட், அதில் $24 குறைவு. இரண்டும் சமமென்றால் கூடுதலாக உள்ள 6 யூனிட் $120. ஒரு யூனிட் $20. முதலில் $60, $40. பிறகு $24, $32.

டியூஷன் ஆசிரியர்: இதற்கு x போட்டால் மூன்று வரியில் முடியுமே. ஏன் ஏழு பட்டை?

சிங்கப்பூரில் 1980களில் இந்தப் படங்கள் பாடநூலுக்கு வந்ததே இயற்கணிதம் படிக்காத பிள்ளைகளுக்காகத்தான். x-ஐப் பிடித்துவிட்ட பிள்ளையை இங்கே பட்டையில் கட்டிப்போட எனக்கும் மனமில்லை. ஆனால் 4 எதைப் பெருக்குகிறது என்று கேட்டால் விழிக்கும் பிள்ளைக்கு ஏழு பட்டையையும் வரைய வைப்பேன். எந்த வகுப்பில் மாற்றுவது என்பதில் ஆசிரியர்களிடையே ஒரே கருத்து இல்லை.