அவுட்லுக்கில் ஒரே அஞ்சல் இரண்டு கோப்புறைகளில் கிடப்பது ஏன்? விதிகளை எந்த வரிசையில் வைக்க வேண்டும்?

கேள்வி: அலுவலக அவுட்லுக்கில் ஏழெட்டு ரூல்ஸ் போட்டு வைத்திருக்கிறேன். சில மெயில்கள் இரண்டு ஃபோல்டரில் வருகின்றன, சில மெயில்கள் நான் நினைத்த இடத்துக்கு வருவதே இல்லை. "Stop processing more rules" என்பதை எல்லா ரூலிலும் டிக் செய்ய வேண்டுமா?

பதில்:

எல்லா விதிகளிலும் அதை டிக் செய்யக் கூடாது. அஞ்சலை ஒரு கோப்புறைக்கு நகர்த்தும் விதிகளில் அது பெரும்பாலும் இருக்க வேண்டும். நிறக் குறி இடுவது, முக்கியம் என்று அடையாளமிடுவது போன்ற வேலைகளை மட்டும் செய்யும் விதிகளில் அது இருக்கவே கூடாது. இதன் காரணத்தை நான் ஒரு கணக்குப் பிரிவின் பொது அஞ்சல் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் நேர்ந்த ஒரு பிழையிலிருந்து கற்றுக்கொண்டேன். அதையே எடுத்துக்காட்டாக வைத்து விளக்குகிறேன்.

அந்தப் பெட்டியில் நான்கு விதிகள் இருந்தன. அஞ்சலின் உடற்பகுதியில் "unsubscribe" என்ற சொல் இருந்தால் அதைச் "செய்திமடல்" கோப்புறைக்கு அனுப்புவது முதல் விதி. எங்களுக்குப் பொருள் தரும் ஒரு நிறுவனத்தின் முகவரியிலிருந்து வந்தால் "விற்பனையாளர்" கோப்புறைக்கு அனுப்புவது இரண்டாவது. தலைப்பில் "Invoice" என்று இருந்தால் "பில்கள்" கோப்புறைக்கு அனுப்புவது மூன்றாவது. தலைப்பில் "overdue" என்று இருந்தால் சிவப்பு நிறக் குறி இடுவது நான்காவது. செய்திமடல் விதியை நான் கடைசியாகத்தான் உருவாக்கினேன். ஆனால் கணினியில் நிறுவப்படும் பழைய அவுட்லுக், புதிதாக உருவாக்கும் விதியைப் பட்டியலின் உச்சியில் கொண்டுபோய் வைக்கும். போதாக்குறைக்கு, நகர்த்தும் விதிகளுக்கென்று அது தரும் தயார் வார்ப்புகளில் "Stop processing more rules" ஏற்கெனவே டிக் செய்யப்பட்டே வரும். இந்த இரண்டையும் நான் கவனிக்கவில்லை.

ஒரு நாள் அந்த நிறுவனத்திலிருந்து ஒருவர் தொலைபேசியில் அழைத்து, "சார், மூன்று நினைவூட்டல் அனுப்பிவிட்டோம், ஒன்றுக்கும் பதில் இல்லை" என்றார். இன்பாக்ஸில் ஒன்றும் இல்லை. விற்பனையாளர் கோப்புறையிலும் பில்கள் கோப்புறையிலும் ஒன்றும் இல்லை. பெட்டி முழுவதும் தேடியபோதுதான் மூன்று அஞ்சல்களும் செய்திமடல் கோப்புறையில் படிக்கப்படாமல் கிடந்தது தெரிந்தது. அவர்களுடைய பில் அனுப்பும் மென்பொருள் ஒவ்வோர் அஞ்சலின் அடியிலும் சிறிய எழுத்தில் ஒரு "unsubscribe" இணைப்பைச் சேர்த்து அனுப்பிக்கொண்டிருந்தது. நான்கு விதிகளின் நிபந்தனைகளும் அந்த அஞ்சலுக்குப் பொருந்தின. முதலில் நின்ற விதி அதைப் பிடித்து நகர்த்தியது, அதிலிருந்த டிக் மற்ற மூன்றையும் நெருங்கவிடவில்லை. சிவப்புக் குறிகூட விழவில்லை.

நான் அவசரப்பட்டு, வரிசையை மாற்றாமல், நகர்த்தும் மூன்று விதிகளிலிருந்தும் அந்த டிக்கை மட்டும் எடுத்தேன். உங்களுக்கு இப்போது நேர்வது அப்போது எனக்கு நேர்ந்தது. அடுத்து வந்த நினைவூட்டல் செய்திமடல், விற்பனையாளர், பில்கள் என்று மூன்று கோப்புறைகளிலும் ஒவ்வொரு பிரதியாக விழுந்தது. இன்பாக்ஸில் எதுவும் இல்லை. "நகர்த்து" என்று இரண்டு விதிகள் சொல்லும்போது, முதல் விதி நகர்த்திய பிறகு இரண்டாவது விதி அதை அங்கிருந்து எடுத்துக்கொண்டுபோகும் என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் விதிகள் வேறு வேறு கோப்புறைகளைச் சொன்னால் ஒவ்வொன்றிலும் ஒரு பிரதி சேரும். அந்தப் பிரதிகள் ஒன்றோடொன்று தொடர்பற்றவை. ஒன்றைப் படித்தாலும் மற்றது படிக்கப்படாததாகவே நிற்கும், ஒன்றை அழித்தாலும் மற்றது அழியாது. படித்துவிட்டோம் என்று உறுதியாகத் தெரிந்த அஞ்சல் வேறொரு கோப்புறையில் தடித்த எழுத்தில் நின்றால், நகர்த்தும் விதிகள் இரண்டு மோதியிருக்கின்றன என்று கொள்ளலாம்.

ஆகவே அந்த டிக் என்ன செய்கிறது என்பதைத் துல்லியமாகப் புரிந்துகொள்வது நல்லது. அது விதிகளின் ஓட்டத்தை மொத்தமாக நிறுத்துவதில்லை. எந்த அஞ்சல் அந்த விதியின் நிபந்தனைகளுக்குப் பொருந்தி, அதன் விலக்குகளில் சிக்காமல் இருக்கிறதோ, அந்த ஒரு அஞ்சலுக்கு மட்டும் கீழே உள்ள விதிகளை மூடிவிடுகிறது. பொருந்தாத அஞ்சல் டிக் இருக்கிறதா இல்லையா என்று பாராமல் அடுத்த விதிக்கு இறங்கிப் போகும். இதனால்தான் நகர்த்தும் விதிகள் எல்லாவற்றிலும் டிக் இருந்தாலும் ஒவ்வோர் அஞ்சலும் தனக்குரிய விதி வரை இறங்கி வர முடிகிறது. ஒரு விதிக்குள் நீங்கள் இரண்டு வகை நிபந்தனைகளைக் கொடுத்தால், அனுப்பியவரும் தலைப்பும் என்பதுபோல, இரண்டும் சேர்ந்து பொருந்த வேண்டும். ஒரே நிபந்தனைக்குள் பல சொற்களைக் கொடுத்தால் அவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலே போதும். இந்த வேறுபாட்டை மறப்பதால் எதிர்பாராத அஞ்சல்கள் பொருந்திவிடுவதும், பொருந்த வேண்டியவை நழுவுவதும் உண்டு.

கடைசியில் நான் அமைத்த வரிசை இது. சிவப்புக் குறி இடும் விதியை உச்சிக்குக் கொண்டுபோய், அதில் டிக் இல்லாமல் விட்டேன். அடுத்து பில்கள் விதி, அதன்கீழ் விற்பனையாளர் விதி, இரண்டிலும் டிக் உண்டு. கடைசியில் செய்திமடல் விதி, அதிலும் டிக் உண்டு. இப்போது "Invoice 4471 overdue" என்ற தலைப்பில், அடியில் "unsubscribe" இணைப்போடு அந்த நிறுவனத்தின் அஞ்சல் ஒன்று வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் விதி சிவப்புக் குறியை இட்டுக் கீழே விடுகிறது. இரண்டாவது விதி தலைப்பைப் பார்த்து அதைப் பில்கள் கோப்புறைக்கு நகர்த்தி அங்கேயே நிறுத்துகிறது. குறி அஞ்சலோடு சேர்ந்தே போகிறது. அதே நிறுவனம் பில் அல்லாமல் தன் பொருள்களின் விலை விவரத்தை அனுப்பினால் முதல் இரண்டு விதிகளும் பொருந்தாமல் அஞ்சல் மூன்றாவதில் நிற்கும். முன்பின் தெரியாத விளம்பரம் மட்டுமே நான்காவது வரை வந்து சேரும். குறுகிய நிபந்தனை மேலே, அகலமான நிபந்தனை கீழே என்பதே இதிலுள்ள கணக்கு. "unsubscribe" போன்ற ஒரு சொல் எந்த அஞ்சலிலும் இருக்கக்கூடும் என்பதால் அது அடியில்தான் இருக்க வேண்டும்.

ஆனால் வரிசையை மட்டும் நம்பி இருப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நாளைக்கே நீங்களோ உங்கள் இடத்துக்கு வரும் இன்னொருவரோ புதிய விதி ஒன்றை உருவாக்கினால் அது உச்சியில் ஏறி அமர்ந்துகொள்ளும், யோசித்து அமைத்த வரிசை அதோடு குலைந்துவிடும். தவறவே கூடாத அஞ்சலுக்கு விலக்கையும் சேர்த்து எழுதுங்கள். என் செய்திமடல் விதியில், தலைப்பில் "Invoice" அல்லது "overdue" இருந்தால் இந்த விதி பொருந்தாது என்று விலக்கு இருக்கிறது. அந்த விதி எந்த இடத்துக்கு நகர்ந்தாலும் பில்லைத் தொடாது. எல்லா விதிகளிலும் விலக்கு எழுதினால் பிறகு படித்துப் புரிந்துகொள்வதே கடினமாகிவிடும், ஆகவே அகலமான விதி ஒன்றிரண்டில் மட்டும் போதும்.

திரையில் தெரியும் வரிசையும் உண்மையில் ஓடும் வரிசையும் வேறுபடும் ஓர் இடமும் உண்டு. அலுவலகக் கணக்கு எக்ஸ்சேஞ்ச் சர்வரில் இருந்தால், பெரும்பாலான விதிகள் அஞ்சல் வந்து சேரும்போதே சர்வரில் ஓடிவிடும். உங்கள் கணினி அணைந்திருந்தாலும் அவை ஓடும். ஒலி எழுப்புவது, திரையில் அறிவிப்புப் பெட்டி காட்டுவது, கணினியிலுள்ள .pst கோப்புக்குள் நகர்த்துவது போன்றவற்றைச் சர்வர் செய்ய முடியாது. அத்தகைய விதியின் பெயருக்குப் பக்கத்தில் "(client-only)" என்று காட்டும், அவுட்லுக் திறந்திருக்கும்போது மட்டுமே அது ஓடும். சர்வர் விதிகளுக்குப் பிறகுதான் அவற்றின் முறை வரும் என்பதால், அப்படிப்பட்ட ஒன்றைப் பட்டியலில் முதலில் வைத்தாலும் அது முதலில் ஓடாது. கணினி அணைந்திருந்த இரவில் வந்த அஞ்சல்கள் மட்டும் காலையில் இன்பாக்ஸில் நகராமல் நின்று, அவுட்லுக்கைத் திறந்த சிறிது நேரத்தில் இடம் மாறினால், இதுவே காரணம்.

உங்கள் பட்டியலில் எது எங்கே நிற்கிறது, எதில் டிக் இருக்கிறது என்பதை ஒரே பார்வையில் காண, எக்ஸ்சேஞ்ச் பவர்ஷெல் அணுகல் உள்ள நிர்வாகியிடம் இதை ஓட்டித் தரச் சொல்லலாம்:

```
Get-InboxRule -Mailbox kanakku@example.com |
  Sort-Object Priority |
  Format-Table Priority, Name, Enabled, StopProcessingRules
```

இது படிக்க மட்டுமே செய்யும். ஆனால் விதிகளைப் பவர்ஷெல் வழியாக மாற்றச் சொல்லாதீர்கள். `Set-InboxRule` அல்லது `New-InboxRule` கொண்டு ஒரு விதியைத் தொட்டாலே, அவுட்லுக்கில் நீங்கள் உருவாக்கிய "client-only" விதிகள் எல்லாம் அழிந்துபோகும். மாற்றத்தை "Rules and Alerts" சாளரத்தில் மேல், கீழ் அம்புக்குறிகளைக் கொண்டே செய்யுங்கள்.

ஜிமெயில் பழக்கத்தோடு வந்தவர்களுக்கு இது குழப்பமாக இருப்பது இயல்பு. அங்கே வடிகட்டிகளுக்குப் பயனர் வைக்கும் வரிசையும் இல்லை, நிறுத்தும் டிக்கும் இல்லை. பொருந்தும் வடிகட்டிகள் எல்லாம் தத்தம் வேலையைச் செய்யும். ஓர் அஞ்சலுக்கு எத்தனை லேபிள் வேண்டுமானாலும் ஒட்டலாம் என்பதால் பிரதி உருவாவதில்லை. ஆனால் பத்து வடிகட்டிகளில் ஏதேனும் ஒன்று இன்பாக்ஸைத் தவிர்க்கச் சொன்னாலும் அஞ்சல் இன்பாக்ஸில் தெரியாது. அங்கே மோதலைத் தீர்க்க நிபந்தனையைக் குறுக்குவது ஒன்றுதான் வழி.

வரிசையைச் சரிசெய்த பின், வேறொரு கணக்கிலிருந்து இரண்டு விதிகளுக்கும் ஒருங்கே பொருந்தும் சோதனை அஞ்சல் ஒன்றை உங்களுக்கே அனுப்பி, அது எத்தனை கோப்புறைகளில் விழுகிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒரு விதிக்கு மட்டும் பொருந்தும் அஞ்சலைக் கொண்டு சோதித்தால் மோதல் வெளியே தெரியாது. புதிய வரிசை இனி வரும் அஞ்சல்களை மட்டுமே ஆளும். ஏற்கெனவே தவறான கோப்புறையில் விழுந்தவை அங்கேயே இருக்கும். அவற்றை "Run Rules Now" சாளரத்தில் அந்தக் கோப்புறையைத் தேர்ந்து, பொருத்தமான ஒரே ஒரு விதியை மட்டும் ஓட்டி மீட்டுக்கொள்ளலாம். இரட்டைப் பிரதிகளை மட்டும் கையால்தான் நீக்க வேண்டியிருக்கும்.