ஆசிரியர் நினைவு ஸ்காலர்ஷிப்புக்கான அர்ப்பணிப்பு வாசகம்: அந்தப் பேர் ஏன்னு எப்படிச் சொல்றது?

கேள்வி: எங்க டீச்சர் ஒருத்தர் தவறிட்டாங்க. பழைய ஸ்டூடண்ட்ஸ் எல்லாரும் சேர்ந்து அவங்க பேர்ல ஸ்காலர்ஷிப் ஆரம்பிக்கிறோம். ஏன் அவங்க பேரை வச்சோம்னு சின்னதா ஒரு வாசகம் எழுதணும். என்ன எழுதினாலும் எல்லா டீச்சருக்கும் பொருந்துற மாதிரியே வருது, எப்படி எழுதலாம்?

பதில்:

எங்க பேட்ச்ல இதே வேலையை செஞ்சிருக்கோம், எங்க கணக்கு டீச்சருக்காக. டீச்சர் பேரை இங்க போடல, அவங்க வீட்டுல அனுமதி கொடுத்தது ஸ்காலர்ஷிப்புக்கு மட்டும்தான். ஆனா வாசகம் எப்படி உருவாச்சுங்கறத முழுசா சொல்றேன், உங்களுக்கு அதுதான் உதவும்னு நினைக்கிறேன்.

முதல்ல இதை யார் படிக்கப் போறாங்கன்னு யோசிங்க. நம்ம எல்லாருக்கும் டீச்சரைத் தெரியும், அதனால எழுதும்போது நமக்குள்ளயே பேசிக்கிற மாதிரி எழுதிடறோம். ஆனா அந்த வாசகத்தை உண்மையிலேயே படிக்கப் போறது பதினஞ்சு இருபது வருஷம் கழிச்சு ஃபார்ம் நிரப்புற ஒரு பையனோ பொண்ணோதான், அவங்க டீச்சரைப் பார்த்ததே இல்ல. அந்தப் பிள்ளைக்கு ரெண்டு விஷயம் புரிஞ்சா போதும்: இவங்க என்ன செஞ்சாங்க, அதுக்கும் எனக்குக் கிடைக்கிற இந்தப் பணத்துக்கும் என்ன சம்பந்தம்.

பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யு 1957ல நோபல் பரிசு வாங்கினப்போ நிகழ்த்தின உரையை அச்சுல கொண்டு வந்தப்ப, அதை அவரோட ஆரம்பப் பள்ளி ஆசிரியர் லூயி ஜெர்மேனுக்கு அர்ப்பணிச்சார். காம்யுவோட அப்பா முதல் உலகப் போர்ல இறந்துட்டார், வீட்டுல வறுமை, பாட்டி பையனை வேலைக்கு அனுப்பணும்னு இருந்தாங்க. ஜெர்மேன்தான் பாட்டிகிட்ட பேசி சம்மதிக்க வச்சு, தனியா பாடம் சொல்லிக் கொடுத்து, மேல்நிலைப் பள்ளிக்கான ஸ்காலர்ஷிப் பரீட்சைக்குத் தயார் பண்ணார். காம்யு புத்தகத்துல பேரைப் போட்டார், காரணத்தை ஆசிரியருக்குத் தனியா எழுதின கடிதத்துல சொன்னார். ஸ்காலர்ஷிப் வாசகத்துல நமக்கு அந்த வசதி கிடையாது, பேரும் காரணமும் ஒரே இடத்துல, ஒரு நிமிஷத்துல வாசிச்சு முடிக்கிற அளவுல வந்தாகணும்.

எங்க குரூப்ல முதல்ல வந்த டிராஃப்ட் இப்படித்தான் இருந்துச்சு: "தன்னலமற்ற சேவையால் எண்ணற்ற மாணவர்களின் வாழ்வில் ஒளியேற்றிய, அன்பும் கண்டிப்பும் நிறைந்த ஆசிரியர்." இதுல ஒரு வார்த்தை கூட பொய் இல்ல, எழுதினவன் அழுதுகிட்டேதான் எழுதினான். ஆனா இன்னொருத்தி அதுல டீச்சர் பேரை எடுத்துட்டு எங்க ஃபிசிக்ஸ் சார் பேரைப் போட்டு குரூப்ல அனுப்பினா, அப்படியே பொருந்துச்சு. அப்பதான் எல்லாருக்கும் புரிஞ்சுது. நீங்களும் உங்க டிராஃப்டை இப்படி ஒரு தடவை சோதிச்சுப் பாருங்க, எந்த வரி வேற பேருக்கும் ஒத்துப்போகுதோ அதை எடுத்துடலாம்.

அப்புறம் எல்லார்கிட்டயும் ஒரே ஒரு விஷயம் கேட்டோம், டீச்சர் எப்படிப்பட்டவங்கன்னு சொல்லாதீங்க, டீச்சர் பண்ணின ஏதாவது ஒண்ணு சொல்லுங்க, கண்ணால பார்த்ததுன்னு. நிறைய வந்துச்சு. அதுல திரும்பத் திரும்ப வந்தது அவங்க பேப்பர் திருத்துற விதம். கணக்கு தப்பா போச்சுன்னா முழுசா அடிச்சு விடமாட்டாங்க, ஒவ்வொரு வரியா பார்த்துக்கிட்டே வந்து, எந்த வரி வரைக்கும் சரியோ அந்த வரிக்குக் கீழ ஸ்கேல் வச்சு கோடு போட்டு, ஓரத்துல "இதுவரை சரி"ன்னு எழுதித் தருவாங்க. ஒருத்தி தன் பழைய நோட்டையே போட்டோ எடுத்து அனுப்பினா. ஒரு சமன்பாடு, அஞ்சு வரி, நாலாவதுல ஒரு மைனஸ் பிளஸ்ஸா மாறிப்போய் விடை தப்பாயிடுச்சு. மூணாவது வரிக்குக் கீழ கோடு, பக்கத்துல அந்த ரெண்டு வார்த்தை. எங்க தப்புன்னு கூட எழுதல, அதை நாமளே தேடணும். கோட்டுக்குக் கீழ இருந்து மறுபடி போட்டுக் கொண்டு போனா முழு மார்க்.

இந்தச் சம்பவம் கிடைச்சதும் ஸ்காலர்ஷிப் யாருக்குங்கறதே மாறிப்போச்சு. அதுவரைக்கும் கணக்குல முதல் மார்க் எடுக்கிறவங்களுக்குன்னுதான் பேசிக்கிட்டு இருந்தோம், பொதுவா எல்லாரும் அப்படித்தானே வைக்கிறாங்க. ஆனா முதல் மார்க் எடுக்கிறவனுக்கு அந்தக் கோடே தேவைப்பட்டதில்ல. அதனால ஒரு தடவை பரீட்சைல ஃபெயிலாகி மறுபடி எழுத வர்ற பிள்ளைங்களோட பரீட்சைக் கட்டணம், புக்ஸ், கோச்சிங் செலவுக்குன்னு மாத்தினோம். இது ரொம்ப முக்கியம்னு நினைக்கிறேன்: பேருக்கும் தகுதிக்கும் சம்பந்தம் இல்லைன்னா எவ்வளவு நல்லா எழுதினாலும் "ஏன் இந்தப் பேர்"ங்கற கேள்விக்கு வாசகத்தால பதில் சொல்ல முடியாது. கடைசி பெஞ்சுப் பிள்ளைங்களோட உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தவங்க பேர்ல ரேங்க் பரிசு வச்சா அங்கேயே இடிக்கும்.

கடைசில வந்த வாசகம் இது:

> இந்த உதவித்தொகை, எங்களுக்குக் கணிதம் கற்பித்த ஆசிரியை ________ அவர்களின் நினைவாக வழங்கப்படுகிறது. தவறாகப் போன கணக்கை அவர் முழுவதுமாக அடித்துவிட மாட்டார். எந்த வரி வரை சரியோ அங்கே கோடு போட்டு, "இதுவரை சரி" என்று எழுதித் திருப்பித் தருவார். வகுப்புத் தேர்வுகளில், அந்த இடத்திலிருந்து மறுபடி போட்டுக் கொண்டுவருபவருக்கு முழு மதிப்பெண் தருவார். ஒருமுறை தேர்வில் தவறி, மறுபடி எழுத வரும் மாணவர்களுக்கானது இந்த உதவி. நீங்கள் இதுவரை படித்தது வீணல்ல என்று உங்களிடம் சொல்ல அவர் பெயரே பொருத்தம் என்று நினைத்தோம்.
>
> அவரிடம் படித்தவர்கள்

இதுல "வகுப்புத் தேர்வுகளில்"னு ஒரு வார்த்தை இருக்கு பாருங்க, அது முதல்ல இல்ல. டீச்சரோட வேலை பார்த்த இன்னொரு ஆசிரியர்கிட்ட படிக்கக் கொடுத்தப்போ அவர் சொன்னார், "அம்மா பெரிய பரீட்சைல அப்படி மார்க் போட்டதில்ல, போடவும் முடியாது, விதி இருக்கு. கிளாஸ் டெஸ்ட்ல மட்டும்தான்"னு. அந்த ஒரு வார்த்தை இல்லாம அச்சாகியிருந்தா டீச்சர் விதியை மீறி மார்க் போட்டாங்கன்னு ஆகியிருக்கும், நேர்மைக்குப் பேர் போனவங்க அவங்க. அதனால எந்தச் சம்பவத்தை எடுத்தாலும் குறைஞ்சது ரெண்டு பேர் தனித்தனியா உறுதி பண்ணட்டும், ஒருத்தர் ஸ்டூடண்டா இருந்தா இன்னொருத்தர் கூட வேலை பார்த்தவரா இருந்தா நல்லது. நம்ம ஞாபகத்துல பாசம் நிறைய கலந்திருக்கும்.

ஒரு நல்ல சம்பவத்தை வேணும்னே விட்டோம். ஒரு பொண்ணுக்கு டீச்சர் வெளிய தெரியாம ஃபீஸ் கட்டினாங்க, பேட்ச்ல சில பேருக்குத் தெரியும். அதைப் போடணும்னு நிறைய பேர் கேட்டாங்க, படிச்சா மனசு உருகும்தான். ஆனா அந்தப் பொண்ணு இன்னைக்கும் நம்மளோட இருக்கா, பேர் போடலைன்னாலும் அது யாருன்னு எங்க பேட்சுக்குத் தெரிஞ்சுடும். டீச்சர் அவ்வளவு கவனமா மறைச்சதை நாம அவங்க நினைவுன்னு சொல்லி வெளிய போடக்கூடாது. யாரோட கஷ்டத்தையாவது சொல்லித்தான் டீச்சரைப் பெரியவங்களா காட்ட முடியும்னா அவங்ககிட்ட முதல்ல கேளுங்க, தயங்கினா அதோட விட்டுடுங்க.

பேர் விஷயம் சின்னதா தெரியும் ஆனா இங்கதான் மனவருத்தம் வரும். எங்களுக்கு எப்பவும் "மேத்ஸ் மிஸ்"தான், முழுப் பேர் பாதிப் பேருக்குத் தெரியாது. பள்ளி ரெக்கார்டுல ஒரு இனிஷியல், பிற்காலத்துல அவங்க கையெழுத்துப் போட்டது வேற இனிஷியல். நாங்களா முடிவு பண்ணாம அவங்க மகள்கிட்ட கேட்டோம், அம்மா எப்படிக் கையெழுத்துப் போட்டாங்களோ அப்படியே இருக்கட்டும்னு சொன்னாங்க, எழுத்துக்கூட்டலையும் அவங்களே எழுதிக் கொடுத்தாங்க. பேரைப் பயன்படுத்த அனுமதியையும் அப்பவே எழுத்துல வாங்கிட்டோம். வாய்வார்த்தையா சரின்னு சொன்ன குடும்பத்துல, பின்னாடி வேற யாராவது ஏன் கேட்கலைன்னு வருத்தப்பட்டா நியாயம்தானே.

வாசகத்துல இல்லாத சிலதும் யோசிச்சு விட்டதுதான். எப்படி இறந்தாங்கன்னு இல்ல, ஏன்னா அதைப் போட்டா படிக்கிறவங்க மனசு அங்கேயே நின்னுடும், வாழ்ந்த விதம் பின்னாடி போயிடும். "சமீபத்தில் மறைந்த"ன்னு இல்ல, நாலு வருஷத்துல அது பழசாயிடும். தொகை எவ்வளவு, எத்தனை பேருக்கு, எந்தத் தேதிக்குள்ள விண்ணப்பிக்கணும், இதெல்லாம் வருஷா வருஷம் மாறும், அதுக்கு ஃபார்ம் இருக்கு. பணம் கொடுத்தவங்க பேரும் இல்ல, இதுல மட்டும் கொஞ்சம் பேச்சு வந்துச்சு, கடைசில தனிப் பக்கத்துல நன்றின்னு போட்டுத் தீர்த்தோம்.

எழுதி முடிச்சதும் சத்தமா வாசிச்சுப் பாருங்க, கொடுக்கிற அன்னைக்கு யாரோ ஒருத்தர் மைக்ல வாசிக்கத்தான் போறாங்க. எங்க முதல் வரி ரொம்ப நீளமா இருந்து, வாசிக்கிறப்போ பேர் வர்றதுக்குள்ள மூச்சு முட்டுச்சு, உடைச்சு எழுதினோம். சான்றிதழ்ல இடம் கம்மி, அதுக்குத் தனியா ஒரே வரி வச்சிருக்கோம்: "தவறிய இடத்திலிருந்து மறுபடி தொடங்கக் கற்றுக்கொடுத்த ஆசிரியை ________ நினைவாக." நீள வாசகத்தை வெட்டிச் சுருக்காம அதைப் புதுசாவே எழுதுங்க, வெட்டினா காரணம்தான் முதல்ல காணாமப் போகும்.

இன்னொண்ணு, வாசகம் முடிவானதும் அதை ஸ்காலர்ஷிப் விதிகளோட சேர்த்தே வச்சுடுங்க. பின்னாடி வர்ற கமிட்டி நல்லெண்ணத்தோடயே தகுதியை மாத்தலாம், முதல் மார்க்குக்குக் கொடுப்போம்னு முடிவு பண்ணலாம், அப்போ மேல சொன்ன வாசகம் பொய்யாயிடும். அதனால எங்க விதிகள்ல ஒரு வரி சேர்த்திருக்கோம்: மறுபடி பரீட்சை எழுத வர்றவங்களுக்குங்கற தகுதியை மாத்தணும்னா முதல்ல குடும்பத்துகிட்ட பேசணும், அவங்க சம்மதிக்கலைன்னா புது ஸ்காலர்ஷிப்புக்கு வேற பேர் வச்சுக்கணும்.