அடுக்கில் மைனஸ் வந்தால் அட்டவணை முறையில் குறி ஏன் தப்பாகிறது?

கேள்வி: பல்லுறுப்புக்கோவையும் e-யின் அடுக்கும் பெருக்கலாக வரும் கணக்குக்கு அட்டவணை முறை எப்படிப் போடுவது? அடுக்கில் மைனஸ் இருந்தால் ஒவ்வொரு தடவையும் எனக்குக் குறி தப்பாகிறது.

பதில்:

மைனஸ் உள்ள கணக்கையே எடுத்துக்கொள்வோம்: ∫(2x³ − 3x + 1)e^(−2x) dx.

மூன்று பத்தி போடுங்கள். முதலில் குறி, + − + − என்று மாறி மாறி வரும். நடுவில் பல்லுறுப்புக்கோவை, அதைப் பூச்சியம் வரும்வரை வகையிட்டுக்கொண்டே போங்கள். கடைசியில் e^(−2x), அதை ஒவ்வொரு வரிக்கும் ஒரு முறை தொகையிடுங்கள், அதாவது −2 ஆல் வகுங்கள். பழக்க தோஷத்தில் இங்கே −2 ஆல் பெருக்கிவிடுகிறவர்கள் உண்டு. பின்னம் சிறிதாகிக்கொண்டே போகிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

```
குறி   வகையிடு          தொகையிடு
 +     2x³ − 3x + 1     e^(−2x)
 −     6x² − 3          −(1/2) e^(−2x)
 +     12x              (1/4) e^(−2x)
 −     12               −(1/8) e^(−2x)
       0                (1/16) e^(−2x)
```

பெருக்குவது நேர் வரியில் அல்ல, சாய்வாக. நடுப்பத்தியில் உள்ளதை அதற்கு அடுத்த வரியின் தொகையீட்டோடு பெருக்கி, நடுப்பத்தி இருக்கும் வரியின் குறியைப் போட வேண்டும்.

```
+ (2x³ − 3x + 1)(−1/2)
− (6x² − 3)(1/4)
+ (12x)(−1/8)
− (12)(1/16)
```

நான்கு உறுப்பும் மைனஸாகவே வருவதைக் கவனியுங்கள். உங்களுக்குக் குறி தப்புவது இந்த இடத்தில்தான். அட்டவணையின் குறி ஒன்று, −2 ஆல் வகுப்பதால் வரும் குறி இன்னொன்று. இரண்டும் தனித்தனி. கடைசிப் பத்தியில் ஏற்கெனவே குறி மாறி மாறி வருவதைப் பார்த்து, "மாற்றியாகிவிட்டது" என்று முதல் பத்தியை விட்டுவிடுகிறோம். அடுக்கு −ax ஆக இருந்து a > 0 என்றால், இரண்டு குறியும் சேர்ந்து எல்லா உறுப்புக்கும் வெளியே ஒரே மைனஸ்தான் மிஞ்சும். அதை முதலிலேயே வெளியே எடுத்துவிட்டால் உள்ளே எல்லாம் கூட்டல்:

−e^(−2x)[(x³ − 3x/2 + 1/2) + (3x²/2 − 3/4) + 3x/2 + 3/4] + C

3x/2 அடிபடுகிறது, 3/4 அடிபடுகிறது. விடை: −e^(−2x)(x³ + 3x²/2 + 1/2) + C.

சரிபார்ப்பதில் ஒரு பொறி இருக்கிறது. x = 0, x = 1 என்று இரண்டு எண்ணைப் போட்டுப் பார்த்தால் போதும் என்று பலர் நினைப்பார்கள். இந்தக் கணக்கில் குறிப்பத்தியை விட்டுவிட்டால் வரும் தப்பு விடை e^(−2x)(−x³ + 3x²/2 − 1/2). அதை வகையிட்டால் e^(−2x)(2x³ − 6x² + 3x + 1). இதுவும் x = 0-இல் 1 தருகிறது, x = 1-இல் 0 தருகிறது; மூலச் சார்பும் அதையேதான் தருகிறது! x = −1 போட்டால்தான் குட்டு உடைகிறது: அடைப்புக்குள் வர வேண்டியது 2, வருவது −10. ஆகவே எண் போடாமல் கெழுக்களை ஒப்பிடுங்கள். விடை Q(x)e^(ax) என்றால் Q′ + aQ அப்படியே பழைய பல்லுறுப்புக்கோவையாக வர வேண்டும். இங்கே Q = −x³ − 3x²/2 − 1/2. Q′ = −3x² − 3x, −2Q = 2x³ + 3x² + 1. கூட்டினால் 2x³ − 3x + 1. ஒரு வரி வேலை.

இது ஏதோ தனி வித்தை இல்லை. ப்ளஸ் டூ கணக்கில் பெர்னோலி சூத்திரம் என்று வரும் uv₁ − u′v₂ + u″v₃ − … தான் இப்படி அட்டவணையாக நிற்கிறது. பகுதித் தொகையிடலை ஒரு முறை செய்தால் ஒரு சாய்வுப் பெருக்கல் வெளியே வரும். மிச்சமிருக்கும் தொகையீடு, அடுத்த வரியை அதன் குறியோடு நேராகப் பெருக்கியது. பூச்சிய வரியில் அந்த மிச்சமும் பூச்சியம், அதனால் நிறுத்துகிறோம். 12 உள்ள வரியிலேயே நிறுத்தினால் −∫12·(−1/8)e^(−2x) dx இன்னும் பாக்கி இருக்கிறது. அதை எழுதாமல் விட்டால் கடைசி உறுப்பு காணாமல் போகும். படி n என்றால் n + 1 பெருக்கல் இருக்க வேண்டும் என்று எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு படி விடுபட்டிருந்தாலும் (இங்கே x² இல்லை) இது மாறாது.

√x·e^x போன்றவற்றுக்கு இந்த அட்டவணை முடியவே முடியாது, ஏனென்றால் √x-ஐ எத்தனை முறை வகையிட்டாலும் பூச்சியம் வராது. x³e^(x²) வேறு வகைச் சிக்கல்: e^(x²)-ஐத் தனியாகத் தொகையிட வழியில்லை. ஆனால் t = x² என்று பிரதியிட்டால் அது (1/2)∫t e^t dt ஆகிவிடும்; அதற்கு இரண்டு பெருக்கல் போதும்.

வரையறுத்த தொகையீடாக இருந்தால் எல்லைகளைச் சுருக்கிய விடையில் போடுங்கள், உறுப்பு உறுப்பாக வேண்டாம். மேலுள்ளதற்கே 0 முதல் ∞ வரை என்றால் மேல் எல்லையில் e^(−2x) எல்லாவற்றையும் பூச்சியமாக்கிவிடும். கீழ் எல்லையிலிருந்து 1/2 வரும். இதை 0 முதல் ∞ வரை ∫xⁿe^(−ax) dx = n!/aⁿ⁺¹ என்ற சூத்திரத்தால் தனியாகவும் பார்க்கலாம்: 2·(6/16) − 3·(1/4) + 1/2 = 1/2.