90 சதவீதம், யாரில்?

"பேனரில் '90 சதவீத பிளேஸ்மென்ட்' என்று போட்டும் பெற்றோர் எங்கள் பொறியியல் கல்லூரியை நம்பவில்லை. என்ன செய்வது?"

சார், எத்தனை பேரில் 90 சதவீதம் என்றுதான் அவர்கள் யோசிக்கிறார்கள். 240 பேர் சேர்ந்து, அரியர் இல்லாமல் பிளேஸ்மென்டுக்குப் பதிந்தவர்கள் 120, வேலை கிடைத்தது 108 பேருக்கு என்று வைத்துக்கொள்வோம். பதிந்தவர்களில் 90 சதவீதம், சேர்ந்தவர்களில் 45தான். இரண்டையும் துறைவாரியாகப் போடுங்கள். ஒரே மாணவருக்கு மூன்று ஆஃபர் வந்தாலும் ஒன்றாகவே எண்ணுங்கள்.

அதிகபட்சச் சம்பளத்தை எடுத்துவிட்டு, வரிசையின் நடுவில் இருப்பவரின் சம்பளத்தைப் போடுங்கள். மத்திய அரசின் கல்லூரித் தரவரிசையான என்ஐஆர்எஃப் கேட்பதும் அதைத்தான். அங்கே கொடுத்த எண் உங்கள் இணையதளத்திலேயே இருக்கும். பேனர் அதோடு முரண்பட்டால் பெற்றோர் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அப்புறம், வளாகத்தின் ட்ரோன் படம் வேண்டாம். லேத்தில் வேலை செய்யும் மாணவர்களையும், அருகில் நிற்கும் ஆசிரியரையும் காட்டுங்கள். ஒர்க்‌ஷாப் மாலை ஏழு வரை உண்மையிலேயே திறந்திருந்தால் அதையே முதலில் சொல்லுங்கள்.