பத்துக் கேள்வி, பத்து வாரம்

அன்புள்ள அண்ணா,

எனக்கு 36 வயது. ஜூலையில் இக்னோவில் அஞ்சல் வழியில் எம்.ஏ. ஆங்கிலம் சேர்ந்தேன். புத்தகக் கட்டு வந்த வாரம் தினமும் படித்தேன். மகனுக்குக் காய்ச்சல், அப்புறம் தீபாவளி, அப்புறம் மாமியாருக்குக் கண் ஆபரேஷன். ஜனவரி வந்துவிட்டது, முதல் புத்தகத்தின் மூன்றாம் பாடத்தைத் தாண்டவில்லை. ஞாயிறு வகுப்புக்கு மதுரை போய்வர முடிவதில்லை. சந்தேகம் கேட்க ஒரு ஆள் இல்லை. ஜூன் பரீட்சையை எழுத முடியுமா?

எஸ்., விருதுநகர்

அன்புள்ள எஸ்.,

எழுதலாம். நான்கு தாளையும் அல்ல, இரண்டை.

கணக்கைப் பார்த்துவிடுவோம். முதல் வருடத்தில் நான்கு தாள், ஒவ்வொன்றும் 8 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரப் படிப்பு என்று பல்கலைக்கழகமே வைத்திருக்கிறது. ஆக ஒரு தாளுக்கு 240 மணி, நான்குக்கும் 960. பையனைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டபின் ஒன்றரை மணி நேரம் வாரம் ஐந்து நாள், ஞாயிறு மூன்று மணி என்று வைத்தாலும் ஜூனுக்குள் உங்களுக்குக் கிடைப்பது 200 மணிக்குச் சற்று மேல். நீங்கள் சோம்பேறி இல்லை. நான்கு தாள் என்பது உங்கள் வீட்டில் நடக்காத கணக்கு, அவ்வளவுதான். தேர்வு விண்ணப்பத்தில் எந்தத் தாள் என்று நீங்கள்தான் குறிக்கிறீர்கள். மீதி இரண்டை டிசம்பரில் எழுதலாம். MEG-02 நாடகம், MEG-04 மொழி, இந்த இரண்டையும் ஜூனுக்கு எடுங்கள். ஒரு நாடகத்தை இரண்டு உட்காரலில் முடித்துவிடலாம். நாவல் தாளில் ஒன்பது நாவல். அதற்குக் கோடை விடுமுறை வேண்டும்.

இரண்டு தாளுக்கே 480 மணி ஆகிறதே என்பீர்கள். ஒவ்வொரு பாடத்தையும் வரி விடாமல் படித்தால் அப்படித்தான். அதனால் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து தொடங்காதீர்கள், அசைன்மென்ட்டிலிருந்து தொடங்குங்கள். உங்கள் சேர்க்கைச் சுற்றுக்குரிய கேள்வித்தாள்தானா என்று பார்த்து இக்னோ இணையதளத்திலிருந்து இறக்கிக்கொள்ளுங்கள். பழைய சுற்றின் கேள்விகளுக்கு எழுதிக் கொடுத்தால் உழைப்பு வீண். ஒரு தாளுக்கு ஐந்து கேள்வி, தலா 20 மதிப்பெண். இரண்டு தாளுக்குப் பத்து. வாரம் ஒன்று எழுதினால் மார்ச் நடுவில் முடியும், கடைசித் தேதி வழக்கமாக மார்ச் முடிவை ஒட்டி வரும்.

ஒரு வாரம் எப்படிப் போகும் என்று சொல்கிறேன். திங்களன்று கேள்வியை நோட்டின் மேலே எழுதி, அது எந்தப் பாடத்தில் இருக்கிறது என்று தேடுங்கள். செவ்வாயும் புதனும் அந்தப் பாடங்களை மட்டும் படியுங்கள். வியாழன் புத்தகத்தை மூடிவைத்து, நினைவில் இருப்பதை ஐந்தாறு வரியில் எழுதிப் பாருங்கள். இங்கேதான் உண்மை தெரியும். படிக்கும்போது எல்லாம் புரிந்த மாதிரி தலையாட்டுவோம், அடிக்கோடு போடுவோம். மூடினால் ஒரு வரி வராது. வராத இடத்தை மட்டும் வெள்ளியன்று திரும்பப் படியுங்கள். ஞாயிறு முழு விடை. கடிகாரத்தை வைத்து 36 நிமிடம். பரீட்சையில் மூன்று மணி நேரத்தில் ஐந்து விடை என்பதால் இந்தக் கணக்கு. அப்புறம் திருத்தி, அழகாக எழுதிக்கொள்ளலாம்.

கடையில் விற்கும் 'சால்வ்டு அசைன்மென்ட்' பக்கம் போகாதீர்கள். நேர்மை ஒருபுறம் இருக்கட்டும், கணக்கே உதைக்கும். அசைன்மென்ட்டுக்கு 30 சதவீதம், தேர்வுக்கு 70. இரண்டிலும் தனித்தனியாக 40 எடுக்க வேண்டும். பார்த்து எழுதி 80 வாங்கியவர் தேர்வில் 35 எடுத்தால் கூட்டு 48.5 வரும், ஆனாலும் ஃபெயில். நானும் அஞ்சல் வழியில் எம்.ஏ. படித்தவன்தான். நண்பனின் விடைகளைப் பார்த்து எழுதிக் கொடுத்துவிட்டு, பரீட்சை ஹாலில் முதல் பக்கத்தோடு பேனா நின்றது.

ஆசிரியர் இல்லை என்கிறீர்கள். ஒருவர் இருக்கிறார், உங்கள் அசைன்மென்ட்டைத் திருத்துபவர். கொடுக்கும்போது ஒரு ஜெராக்ஸும் ரசீதும் வைத்துக்கொள்ளுங்கள். திருத்திய தாளைப் படிப்பு மையத்தில் கேட்டு வாங்குங்கள், பலர் வாங்குவதே இல்லை. ஓரத்தில் 'எடுத்துக்காட்டு இல்லை' என்று இரண்டு வார்த்தை இருந்தாலும் போதும், அடுத்த விடை மாறும். மதுரைக்கு மாதம் ஒரு ஞாயிறு முடிந்தால் போங்கள். கேள்விகளை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். பொதுவாக 'புரியவில்லை' என்றால் வகுப்பு எடுப்பவரால் எதுவும் செய்ய முடியாது.

வாரம் ஒன்று போய்விடும், நிச்சயம் போகும். போனதைப் பிடிக்க இரவு உட்காராதீர்கள். விட்டுப்போன கேள்வியே அடுத்த திங்களுக்கும். இரண்டு வாரத்துக்கு மேல் நழுவினால், மொழித் தாளை டிசம்பருக்குத் தள்ளிவிட்டு நாடகத்தை மட்டும் முடியுங்கள். இரண்டு வருடப் படிப்புக்கு நான்கு வருடம் வரை அவகாசம் இருக்கிறது.

இன்னொன்று, இரண்டாம் வருடத்துக்கு மறுபதிவு செய்ய வேண்டும். தேர்வு எழுதினீர்களா, தேறினீர்களா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கோடையில் அறிவிப்பு வரும், காலண்டரில் இப்போதே குறித்துவையுங்கள்.