பச்சைச் சட்டையா, மஞ்சள் சட்டையா?

கேள்வி: மகளுக்கு மூன்றரை வயது. குளிக்க, சட்டை போட தினமும் அடம். 8.15-க்குப் பள்ளி வேன் வந்துவிடும், நான் பனியன் கம்பெனிக்கு ஓடணும். மாமியார் செல்போனைக் கொடுத்து அடக்குகிறார், நான் அடித்துவிடுகிறேன். அப்புறம் நாள் முழுக்க மனசு கேட்க மாட்டேங்குதுங்க.
- ஒரு தாய், திருப்பூர்

பதில்: அம்மணி, 'குளிக்கலாமா கண்ணு?' என்று கேட்டால் 'மாட்டேன்' என்பதும் ஒரு பதில்தான். நாமே கேட்டுவிட்டு, அந்தப் பதிலுக்குக் கோபப்படுகிறோம். குளிப்பது முடிவான விஷயம், அதைக் கேள்வியாக்காதீர்கள். எப்படி என்பதை மட்டும் அவளிடம் விடுங்கள்: 'குளிக்கப் போறோம். சோப்பு நீ போட்டுக்கறியா, அம்மா போடட்டுமா?' எதைச் சொன்னாலும் உங்களுக்குச் சம்மதமாக இருக்க வேண்டும். 'குளிக்கறியா, அடி வாங்கறியா' என்பது மிரட்டல்.

கேட்ட பிறகு பேசாமல் இருங்கள். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். அந்த வயதில் யோசித்து முடிவெடுக்க நேரமாகும், நடுவில் அவசரப்படுத்தினால் உடனே வருவது 'மாட்டேன்'தான். இரண்டும் வேண்டாம் என்றால், 'சரி, இன்னைக்கு அம்மா போட்டுவிடறேன்' என்று ஒரே தடவை சொல்லி, குரலை உயர்த்தாமல் செய்துவிடுங்கள். அழுவாள். அழுகிறபோது இன்னொரு 'அதுவா, இதுவா' வேண்டாம், காதில் ஏறாது. தோளில் சாய்த்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போங்கள்.

சட்டையை முந்தின ராத்திரியே முடித்துவிடுங்கள். பீரோவைத் திறந்து காட்டினால் திண்டாடிப் போவாள். இரண்டே சட்டை, பச்சையும் மஞ்சளும். எடுத்ததை அவளே நாற்காலியில் வைக்கட்டும். காலையில் மற்றது வேண்டும் என்றால், 'அது நாளைக்கு.' ஒன்று மட்டும் பாருங்கள்: குறிப்பிட்ட சில சட்டைக்கு மட்டும் அழுதால், பின்கழுத்து லேபிளோ தையலோ உறுத்துகிறதா என்று தடவிப் பாருங்கள். அது அடம் இல்லை.

இருபது நிமிடம் முன்னதாக எழுப்புங்கள். பால், குளியல், சட்டை, இட்லி, சடை, செருப்பு என்று ஞாயிற்றுக்கிழமையும் அதே வரிசை. மாமியாரிடம் போனுக்காகச் சண்டை வேண்டாம். சடை பின்னும் வேலையை அவரிடமே கொடுத்துவிடுங்கள், போன் எடுக்கக் கை ஒழியாது.

முதல் சில நாள் அழுகை கூடலாம். நானும் என் மகனிடம் மூன்றாம் நாளே மனம் இளகி விட்டுக்கொடுத்தேன். மறுநாள் இன்னும் சத்தமாக அழுதான். இன்னும் கொஞ்சம் அழுதால் கிடைக்கும் என்று நான்தான் கற்றுக்கொடுத்திருந்தேன்.

அடித்துவிட்ட நாளில், சாயங்காலம் மடியில் வைத்து 'காலையில அம்மா அடிச்சது தப்பு' என்று சொல்லுங்கள். அதோடு விட்டுவிட்டு, நாளைக்குப் பச்சையா மஞ்சளா என்று கேளுங்கள்.