கிரெடிட் கரையாமல் ஏஐ வீடியோ: கேள்வி பதில்

கல்லடியில் வீடியோ எடிட்டிங் செய்கிறேன். கடை விளம்பரங்களுக்கு ஏஐ காட்சிகளும் செய்து கொடுக்கிறேன். கிரெடிட்டை எப்படிப் பங்கிட்டுச் செலவழிப்பது என்பது பற்றி மட்டும் கேளுங்கள்.

மருதமுனையில் கைத்தறிக் கடை வைத்திருக்கிறோம். மாதம் 600 கிரெடிட். 5 செக்கன் கிளிப் 480pயில் 10 கிரெடிட், 1080pயில் 50. அரை நிமிட விளம்பரத்துக்கு ஆறு காட்சி வேணும். போன மாசம் மூன்று காட்சியிலேயே எல்லாம் முடிஞ்சு போச்சு.

நானா, முதலில் கடைசிச் செலவை ஒதுக்கி வையுங்கள். ஆறு காட்சிக்கு 300. கடைசி ரெண்டரில் ஒன்றிரண்டு கெடும், அதற்கு 100. மிச்சம் 200, அதாவது 480pயில் ஓட்டிப் பார்க்க இருபது டிராப்ட்.

அந்த இருபதைக் காட்சிக்கு மூன்று என்று சமமாகப் பிரிக்காதீர்கள். கடை முகப்பு, மடித்து அடுக்கிய சேலை போன்ற அசைவில்லாத காட்சிக்கு ஒரு டிராப்ட் போதும். நாடா ஓடும் தறிக்காட்சிதான் கிரெடிட்டைத் தின்னும். அதற்கு ஏழெட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

டிராப்டுக்கு முன்னால் ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு படம் தயார் செய்யுங்கள். உங்கள் தறியைப் போனில் எடுத்த படமே போதும். அதை முதல் பிரேமாகக் கொடுத்தால் உடை, வெளிச்சம், ஆள் நிற்கிற இடம் எல்லாம் அங்கேயே முடிவாகிவிடும். டிராப்டில் பார்க்க வேண்டியது அசைவு மட்டும்தான். வெறும் எழுத்தில் தொடங்கினால் ஒவ்வொரு தடவையும் வேறு தறி, வேறு ஆள் வரும். போன மாதம் உங்களுக்கு நடந்ததும் இதுவாகத்தான் இருக்கும்.

480pயில் கமரா எந்தப் பக்கம் போகிறது, கை தறிக்கட்டைக்குள் புகுந்துவிடுகிறதா, நாடா துணியை ஊடறுத்துப் போகிறதா என்பதெல்லாம் தெரியும். நூல் தெரியாது. சின்னக் கட்டம் போட்ட சாரம் 480pயில் நெளியும், 1080pயில் சரியாக வரலாம், வராமலும் போகலாம். ஆகவே நெசவு கிட்டத்தில் தெரியும் காட்சி ஒன்றை மட்டும், அசைவு சரியானதும், மற்ற எதற்கும் முன்னால் 1080pயில் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். அந்த 50 கிரெடிட், ஏஐயில் அந்தக் காட்சி எடுபடுமா என்று மாதத் தொடக்கத்திலேயே சொல்லிவிடும்.

பொத்தானை அமர்த்த முன் பக்கத்தில் உள்ள கிரெடிட் எண்ணைப் பாருங்கள். ஒரு தயிர்க்கடை வேலையின்போது பக்கத்தை மறுபடி திறந்ததும் 10 செக்கன், உயர் தரம் என்று தானாக மாறியிருந்தது. கவனிக்காமல் நான்கு தடவை அமர்த்திவிட்டேன். அன்று இரவே மாதக் கிரெடிட்டில் பெரும்பகுதி போய்விட்டது.

ஃப்ரீயா கிரெடிட் எடுக்க ஏதும் வழி இருக்கா அக்கா?

பத்து ஈமெயிலில் பத்துக் கணக்குத் திறக்கிற வேலையை நான் சொல்லித்தர மாட்டேன் தம்பி.

டிராப்ட் 5 செக்கன், பைனல் 10 செக்கன் எண்டு போட்டால் சரிதானே?

சரிவராது. 5 செக்கனில் பெண் கதவைத் திறந்து வெளியே வந்தாள் என்றால், 10 செக்கனில் அதே வேலையை மெதுவாக இழுப்பாள், அல்லது வந்த பிறகு நீங்கள் சொல்லாத ஒன்றைச் செய்வாள். அசைவு நீளத்தோடு மாறும். டிராப்ட் எந்த நீளமோ பைனலும் அதே நீளம். 10 செக்கன்தான் வேண்டுமென்றால் 5 செக்கனை முடித்து, அதன் கடைசி பிரேமிலிருந்து அடுத்த 5 செக்கனைத் தொடங்குங்கள். வடிவமும் அப்படித்தான். போனுக்கு நெட்டுக்குத்தாகப் போகிற வீடியோவுக்கு டிராப்டையும் நெட்டுக்குத்தாகவே போடுங்கள்.

அக்கா, இவ்வளவு கஷ்டம் ஏன்? நல்ல டிராப்டின்ர சீட் நம்பரைப் பார்த்து அதையே 1080pயில போட்டால் அதே வீடியோ பெரிசா வரும். நான் அப்படித்தான் செய்யிறன்.

பாதி சரி தம்பி. அதே தரம், அதே நீளம், கருவிக்கு எழுதிக் கொடுக்கிற அதே வாசகம் என்றால் அதே சீட் அநேகமாக அதே வீடியோவைத் தரும். தரத்தை மாற்றினால் அந்த உத்தரவாதம் இல்லை. அந்த எண், வீடியோவைச் செய்யத் தொடங்கும்போது கருவி தாறுமாறாகத் தூவுகிற புள்ளிகளைத்தான் தீர்மானிக்கிறது. 480pயில் புள்ளிகள் ஒரு அளவு, 1080pயில் வேறு அளவு. ஏழு புள்ளிக் கோலத்தையும் பதினைந்து புள்ளிக் கோலத்தையும் ஒரே மூலையில் தொடங்கினால் ஒரே கோலம் வராது.

எனக்கு வந்ததே! கல்லடிப் பாலத்துக்கு மேலால கமரா போற காட்சி, இரண்டும் ஒண்டுதான்.

முதல் பிரேமுக்குப் படம் கொடுத்தீர்களா?

ஓம், குடுத்தன்.

அப்போ ஒன்றாக வைத்திருந்தது அந்தப் படம். சீட்டை மாற்றிவிட்டு அதே படத்தோடு 480pயில் ஒன்று ஓட்டிப் பாருங்கள், 10 கிரெடிட்தானே. பாலமும் வாவியும் அப்படியே இருக்கும்.

ஓட்டினன். பாலம் அதேதான், ஆனா தோணி இந்தத் தடவை மற்றப் பக்கம் போகுது. சீட் பழசா இருக்கேக்க இரண்டு தரத்திலயும் ஒரே பக்கம்தான் போனது. அப்ப சீட்டிலயும் ஏதோ இருக்கு.

ஒரு தோணியை வைத்து நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், இரண்டே பக்கத்தில் ஒரு பக்கம் இரண்டு தடவை வருவது பெரிய விஷயம் இல்லை. நாலைந்து சீட்டில் பார்த்துவிட்டு வாருங்கள். சில கருவிகள் உள்ளே சிறிதாகச் செய்து பிறகு பெருப்பிக்கின்றன, அப்படியானால் நீங்கள் சொல்வதுபோல் வரவும் கூடும்.

டிராப்ட் மிக நன்றாக அமைந்துவிட்டால் அதைத் திரும்ப ரெண்டர் பண்ணாமல் அந்தக் கிளிப்பையே அப்ஸ்கேல் செய்து பெருப்பிப்பதுதான் என் வழக்கம். தோணி திரும்பாது. தூரத்து முகம், விரல் மட்டும் மெழுகு பூசினதுபோல் வரும், கிட்டத்துக் காட்சிக்கு ஆகாது.

தங்கச்சி, கல்யாண வீடியோவில் கலர் மஞ்சளா வருது, என்ன செய்யலாம்?

ஐயா, அது கமராவின் வைட் பேலன்ஸ். எடுத்தவரிடம் கேளுங்கள்.

கடைப் பலகையில தமிழ் எழுத்து குழம்பி வருது. எத்தனை டிராப்ட் போட்டால் சரியாகும்?

நான் பார்த்தவரை எத்தனை போட்டாலும் சரியாகவில்லை. பலகையை வெறுமையாக வைத்து, எழுத்தை எடிட்டிங்கில் போடுங்கள்.

ஒரு மாசம் மிஞ்சினது அடுத்த மாசம் வருமா?

பல திட்டங்களில் வராது. மாதக் கடைசியில் மிஞ்சினால் அடுத்த வேலைக்கான டிராப்டில் செலவழியுங்கள்.

ஃப்ரீ கிரெடிட் தளம் ஏதும்...

மேலே பாருங்கள்.

வீடியோ வடிவில்லாம வந்தால் கிரெடிட் திரும்பத் தருவாங்களா?

கருவியே பழுதாகி நின்றால் பொதுவாகத் திரும்ப வரும். வடிவில்லை என்பதற்குத் தரமாட்டார்கள். எண்ணைப் பார்த்து அமர்த்துங்கள் என்று சொன்னேனே.

மருதமுனை நானாதான். நாடாக் காட்சிக்கு ஆறு டிராப்ட் போட்டுட்டன். ஒண்டில நாடா காணாமப் போகுது, ஒண்டில இரண்டு நாடா வருது.

ஒவ்வொரு தடவையும் வாசகத்தில் எத்தனை இடம் மாற்றினீர்கள்?

மூணு நாலு இடம்.

அதுதான் எது கெடுத்தது என்று உங்களுக்கே தெரியவில்லை. கமரா அசைவை எடுத்துவிட்டு, மற்ற எதையும் தொடாமல் ஒன்று ஓட்டுங்கள். கமராவும் நாடாவும் சேர்ந்து ஓடும்போதுதான் இது அதிகம் குழம்புகிறது.

ஓட்டினன். கமரா நிக்குது, நாடா இன்னும் பாதி வழியில மறையுது.

விட்டுவிடுங்கள். ஏழு டிராப்ட், 70 கிரெடிட் போய்விட்டது. தறிக்குப் பக்கத்தில் போனை நிறுத்தி நெசவாளரை நேரிலேயே எடுங்கள். அந்தக் காட்சிக்கு ஒதுக்கிய 50ஐ, வாவிக்கரையில் சேலை காற்றில் விரிகிற காட்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதன் முதல் டிராப்ட் வந்ததும் இங்கே போடுங்கள், சேலையின் கரை நெளிகிறதா என்று பார்க்கிறேன்.